முன்பக்கத்துக் கட்டி

என் மகள் சிங்கப்பூர் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். ஜொகூர் பாருவில் எங்கள் தாமான் குடியிருப்பு முனைக்கு விடிவதற்கு முன்னாலேயே கம்பெனி பஸ் வந்து நிற்கும். அவள் கிளம்புவதை நான் அடுப்படியில் நின்றே காதால் கேட்டுக்கொண்டிருப்பேன். குளியலறைக் கதவு சாத்தும், திறக்கும். சப்பாத்து மாட்டுவாள். மறுபடியும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குளியலறைக்கு ஓடுவாள். கேட்டைத் திறந்து வெளியே போனவள், பஸ் ஹாரன் அடிக்கிற நேரத்தில் திரும்பி ஓடி வருவாள்.

"இப்பதானே போன?"

"இன்னொரு தடவை போய்ட்டு வந்துர்றேன்மா. பாலத்துல மாட்டிக்கிட்டா என்ன பண்றது?"

பாலம் என்று அவள் சொல்வது இந்தப் பக்கத்தையும் சிங்கப்பூரையும் சேர்க்கிற பாலத்தை. காலையில் அதன் மேல் பஸ்ஸும் காரும் மோட்டாரும் அசையாமல் நிற்கும். இந்தப் பக்கச் சோதனைச் சாவடியில் கக்கூஸ் உண்டு, அந்தப் பக்கத்திலும் உண்டு. நடுவில் கடல்தான் உண்டு.

நான் அவளுக்குத் தினமும் ஒரு போத்தலில் தண்ணீர் நிரப்பிக் கொடுப்பேன். நீல மூடி போட்ட பெரிய போத்தல். சாயங்காலம் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கழுவுகிறவள் நான்தான். டப்பா காலியாக வரும், போத்தல் நிறைந்தபடியே வரும். மூடியைத் திறந்தால் காலையில் நான் ஊற்றின தண்ணீர் ஒரு சொட்டுக் குறையாமல் இருக்கும். முதலில் மறந்திருப்பாள் என்று நினைத்தேன். பிறகு கவனித்துப் பார்த்தால் தினமும் அதே கதைதான்.

தண்ணீர் குடிக்கவில்லை, ஆனாலும் ஓயாமல் ஒன்றுக்குப் போகிறாள். இது என்ன கூத்து?

எனக்கு உடனே தோன்றியது இனிப்புநீர் வியாதிதான். எங்கள் ஆட்களில் யாருக்கு இல்லை? என் அம்மாவுக்கு இருந்தது, கட்டினவருக்கு இருந்தது. அடிக்கடி ஒன்றுக்குப் போகிறவளைக் கண்டால் எங்கள் சனம் முதலில் அவள் தேத்தண்ணி டம்ளரைத்தான் பார்க்கும். நானும் மறுநாளே அவள் தேத்தண்ணியில் சீனியை நிறுத்திவிட்டேன். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"என்னம்மா இது, வேப்பிலைக் கசாயமா?"

"குடி. உனக்கு இனிப்புநீர்."

"யார் சொன்னா?"

"நான் சொல்றேன்."

சிம்பாங் ரெங்கத்தில் இருக்கிற என் தங்கச்சிக்குப் போன் போட்டேன். அவள் என்னைவிட இளையவள்தான், ஆனால் பேச்சில் எனக்குப் பெரியம்மா. "அக்கா, அது சூடு. காலையில இருந்து அந்த ஏர்கோன் கம்பெனியில நின்னு வேலை பாக்குறா. உடம்பு உள்ளுக்குள்ள கொதிக்கும். பார்லி தண்ணி போட்டுக் குடு" என்றாள்.

"ஏர்கோன்ல எப்படிடி கொதிக்கும்?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, போட்டுக் குடு."

பெரிய சட்டியில் பார்லி காய்ச்சினேன். ஞாயிற்றுக்கிழமை பூராவும் குடிக்க வைத்தேன். பார்லி என்ன செய்யும்? ஒன்றுக்கு வரவைக்கும். அன்றைக்கு அவள் உட்கார்ந்து ஒரு படம் பார்க்க முடியவில்லை. எழுந்து எழுந்து ஓடினாள். போகிறவள் நிறைய போனாலும் பரவாயில்லை. கொஞ்சம்தான் போகிறதாம், ஆனால் நிறைந்து முட்டிக்கொண்டிருப்பது மாதிரியே இருக்கிறதாம். அடிவயிற்றில் யாரோ கை வைத்து அழுத்துகிற மாதிரி, கீழே இழுக்கிற மாதிரி. மாதவிலக்கு வருவதற்கு முந்தின நாட்களில் இன்னும் மோசம் என்றாள். எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை.

வயிறும் கொஞ்சம் மேடு தட்டியிருந்தது. கோயிலில் ஒரு அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க மகளுக்கு நல்ல சேதியா?" என்று கேட்டாள். என் மகளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. அவள் பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தில் படிவம் ஐந்தைத் தாண்டி கோலாலம்பூரில் படிக்கிறார்கள். "ஆமா, சேதி நல்லாத்தான் இருக்கு, சோறு நல்லா இறங்குது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரத்தம் எடுத்தார்கள், மூத்திரத்தையும் டப்பாவில் வாங்கிக்கொண்டார்கள். இனிப்புநீர் இல்லை, கிருமியும் இல்லை. அங்கிருந்த மலாய் டாக்டர் பெண் அவளைப் படுக்க வைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தாள். அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு, மலாய்க்காரர்கள் பெரியம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி என்னை, "மக்சிக், இங்கே கெட்டியாக ஒன்று கைக்குத் தட்டுகிறது. கருப்பையில் கட்டியாக இருக்கலாம். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்க எழுதித் தருகிறேன்" என்று மலாயில் சொன்னாள்.

எனக்குக் கோபம் வந்தது. கருப்பைக் கட்டி எனக்குத் தெரியாதா? இவள் வயதில் எனக்கு இருந்தது. ரத்தம் போன போக்கில் நான் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவள். முகம் வெளுத்து, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் வேறு ஆட்கள் ரத்தத்தை என் கையில் ஏற்றினார்கள். கடைசியில் கருப்பையையே எடுத்துப் போட்டார்கள். ஆனால் ஒன்றுக்குப் போகிற தொந்தரவு எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. இவளுக்கோ மாதவிலக்கு ஒழுங்காக வந்து ஒழுங்காகப் போகிறது. இது எப்படிக் கட்டியாகும்?

"அம்மாவுக்கு வேற நோயா இருந்தாத்தான் திருப்தி போல" என்றாள் மகள் வண்டியில். ஸ்கேன் தேதியை அவள் தள்ளிப்போட்டாள். அவளுக்கு இருந்த பயம் கட்டியைப் பற்றி இல்லை. அவள் அந்தக் கம்பெனியில் லைன் லீடர், ஒரு வரிசையில் வேலை செய்கிறவர்களுக்குத் தலைவி. சாதாரண ஆபரேட்டராகச் சேர்ந்து, கெட்டிக்காரத்தனத்தால் மேலே வந்தவள். என் பிள்ளை, வராமல் எப்படி இருப்பாள்? லைன் ஓடும்போது லீடர் அடிக்கடி காணாமல் போனால் சுப்பர்வைசர் பார்க்கத்தானே செய்வான். "எங்க போற, எங்க போற" என்று கேட்க ஆரம்பித்துவிட்டானாம். அவள் போய்வருகிற நேரமெல்லாம் இன்னொருத்திதான் லைனைப் பார்த்துக்கொள்கிறாளாம். இதில் எம்சி வாங்கி மருத்துவ லீவு எடுத்தால் அந்த இடத்தை அவளுக்கே கொடுத்துவிடுவார்கள் என்று பயந்தாள்.

அதனால்தான் தண்ணீரை நிறுத்தியிருக்கிறாள்.

ஒருநாள் அவள் அலமாரியில் மடித்த துணி வைக்கப் போனேன். புடவைகளுக்குப் பின்னால் ஒரு பெரிய பிளாஸ்டிக் பை இருந்தது. பிரித்துப் பார்த்தால் பெரியவர்கள் கட்டுகிற பம்பர்ஸ். எனக்குக் காது சூடாகிவிட்டது. அவள் வேலையிலிருந்து வந்ததும் பையை மேசை மேல் வைத்தேன்.

"யாருக்குடி வாங்கி வச்சிருக்க? எனக்கா? உன் அம்மா இன்னும் தானா நடந்து தானா போறவ. தெரிஞ்சுக்கோ."

அவள் பையைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு இல்லம்மா. எனக்குத்தான். பாலத்துக்கு."

அவளாகவே சொன்னாள். அந்த வாரம் பஸ் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டதாம். அடக்கப் பார்த்திருக்கிறாள், முடியவில்லை. டிரைவரிடம் கெஞ்சிக் கதவைத் திறக்கச் சொல்லி, இறங்கி, மோட்டார்களுக்கும் கைப்பிடிக்கும் நடுவே சிங்கப்பூர்ச் சாவடி வரைக்கும் ஓட்டமும் நடையுமாகப் போயிருக்கிறாள். போய்ச் சேர்வதற்குள் பாதி ஆகிவிட்டதாம். கக்கூஸில் துணியை அலசி, ஈரத்தோடேயே அடுத்த பஸ் ஏறி, வேலைக்கு நேரம் கழித்துப் போயிருக்கிறாள். இனி ஒரு தடவை லேட்டானால் லைனை வேறு ஆளிடம் கொடுப்பேன் என்று சுப்பர்வைசர் நேராகவே சொல்லிவிட்டான்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா பார்லி தண்ணி குடுப்பீங்க."

சிரித்தாளா அழுதாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஸ்கேன் தேதியைக் கேட்டு நானே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். மலாயில் பேசுவதற்கு எனக்கு யாரும் துணை வேண்டாம்.

ஸ்கேனுக்குப் போன நாள் எனக்கு ஆயுசுக்கும் மறக்காது. தண்ணீர் நிறையக் குடித்து, அடக்கி வைத்துக்கொண்டு வரவேண்டுமாம். மூத்திரப் பை நிறைந்திருந்தால்தான் வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கிற ஸ்கேனில் உள்ளே இருப்பது தெளிவாகத் தெரியுமாம். ஒரு டம்ளரையே அடக்க முடியாதவளைப் பார்த்து ஒரு போத்தல் குடித்து அடக்கு என்கிறார்கள்! நான் நீல மூடிப் போத்தலைக் கொண்டுபோயிருந்தேன். எத்தனை மாசத்துக்குப் பிறகு அவள் அதில் குடித்தாள். காத்திருக்கிற இடத்தில் ஆள் நிறைய இருந்தார்கள். அவள் உட்காருவாள், எழுவாள், காலைப் பின்னிக்கொண்டு நிற்பாள், சுவரோரமாக நடப்பாள். பெயர் கூப்பிடுகிற கதவையும் கக்கூஸ் கதவையும் மாறி மாறிப் பார்ப்பாள். எனக்கும் உட்கார முடியவில்லை. எனக்கே வருகிற மாதிரி இருந்தது.

"அம்மா, முடியல."

"இன்னும் கொஞ்சம் தாங்கு. அடுத்தது நீதான்."

"அடுத்தது அடுத்ததுன்னு காலையிலேர்ந்து சொல்றீங்க."

ஓடிவிட்டாள். அவள் உள்ளே போன நேரம் பார்த்துப் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து போய் நர்ஸ் மிஸியிடம் கணீரென்று சொன்னேன். "இவளுக்கு நோயே அடக்க முடியாததுதான். அடக்கினால்தான் நோயைப் பார்ப்பேன் என்றால் எந்த ஊர் நியாயம்?"

அந்த மலாய் மிஸி சிரித்துவிட்டாள். "அலமாக், மக்சிக், ஜாங்கான் மாரா லா, கோபப்படாதீர்கள். பாதி நிறைந்தால் போதும். கொஞ்சம் குடிக்கச் சொல்லுங்கள், அடுத்து விடுகிறேன்" என்று சொல்லி என்னையும் உள்ளே நிற்க விட்டாள்.

உள்ளே இருந்தது ஒரு தமிழ் டாக்டர் பொண்ணு. பெக்கோக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவளாம். வயிற்றில் பசை தடவி, கையளவு கருவியை அழுத்தி நகர்த்தினாள். டிவி மாதிரி இருந்த பெட்டியில் கறுப்பும் சாம்பலுமாக ஓடியது.

"இது மூத்திரப் பைம்மா. இந்தக் கறுப்புதான் தண்ணி. இது உருண்டையா இருக்கணும். இங்க பாருங்க, ஒரு பக்கம் உள்ள குழிஞ்சிருக்கு."

பார்த்தேன். காற்றுப் போன பந்தை யாரோ முழங்காலால் முட்டின மாதிரி இருந்தது. முட்டுகிற அந்தச் சாம்பல் உருண்டைதான் கட்டி. கருப்பையின் முன்பக்கச் சுவரில், கீழே, பைக்கு ஒட்டினாற்போல் உட்கார்ந்திருந்தது. மங்குஸ்தீன் பழம் அளவு என்றாள். கருவியை மேலே நகர்த்தினாள். அங்கே இன்னொன்று இருந்தது, சின்னத் தேங்காய் மாதிரி. நான் விரலை நீட்டினேன்.

"அந்தப் பெருசுதான் எல்லாத்துக்கும் காரணம்! அத எடுத்துடுங்க டாக்டர், அந்தச் சின்னது கிடக்கட்டும்."

"இல்லம்மா, தலைகீழா சொல்றீங்க. பெருசு கருப்பையோட உச்சியில இருந்து மேல பாத்து வளந்திருக்கு. வயிறு மேடா தெரியிறது, கனமா இருக்கிறது, அது அதனாலதான். ஆனா அது பை மேல நேரா உக்காரல. சின்னதுதான் பை மேல சாஞ்சிருக்கு. பை விரிய இடம் இல்ல, கொஞ்சம் ரொம்பினாலே நிறைஞ்சிடுச்சுன்னு சொல்லுது. அதான் ஓட வைக்குது."

படுத்திருந்த என் மகள் சொன்னாள்: "கம்பெனி பஸ் மாதிரிதான்மா. பின் சீட்ல எவ்வளவு குண்டான ஆளு உக்காந்தாலும் நமக்கென்ன? பக்கத்து சீட்டுக்காரன் ஒல்லியா இருந்தாலும் முட்டியால இடிச்சா, போற வரைக்கும் சூசாதான், ஒரே தொல்லை."

டாக்டர் சிரித்துக்கொண்டே, "ஆனா குண்டு ஆளு இன்னும் வளந்தா அவரும் இடிப்பாரு. எடமும் முக்கியம், அளவும் முக்கியம்" என்றாள். சிறுநீரகத்தையும் பார்த்தாள். இரண்டும் நன்றாக இருக்கின்றன, தண்ணீர் தேங்கவில்லை என்றாள். ஒன்றுக்குப் போய்விட்டு வரச் சொல்லி மறுபடி பார்த்தாள். உள்ளே மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது, அதுவும் பயமில்லையாம். பார்க்கிற வரையில் புற்றுநோய் மாதிரித் தெரியவில்லை, இந்தக் கட்டிகள் பெரும்பாலும் சாதாரணக் கட்டிகள்தான் என்றாள்.

நான் விடவில்லை. என் கதையைச் சொன்னேன். எனக்கு இருந்தது பாக்கு அளவுதான் என்று அப்போது சொன்னார்கள். பாக்கு அளவு என்னைச் சாவு வரைக்கும் கொண்டுபோனது. இவளுக்குத் தேங்காய் அளவு இருந்தும் ரத்தம் கூடுதலாகப் போகவில்லை. இரண்டும் ஒரே நோயா?

"ஒரே நோய்தான்மா. உங்களுக்கு உள்பக்கம், மாசாமாசம் ரத்தம் வர்ற அந்தத் தோலுக்கு அடியிலயே இருந்திருக்கும். அங்க இருந்தா சின்னதே போதும், ரத்தம் நிக்காது. இவங்களுக்கு வெளிப்பக்கம். சிலருக்குப் பின்பக்கம் வளந்து மலக்குடலை அழுத்தும். இடுப்பு வலி, வெளிக்குப் போக முக்கல். ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி."

பின்பக்கம் என்றதும் எனக்குத் தங்கச்சி ஞாபகம் வந்தது. அவளுக்கும் கட்டி என்றார்கள் ஒரு காலத்தில். அவள் எத்தனை வருஷம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, விளக்கெண்ணெய் குடித்துக்கொண்டு கிடந்தாள். எடுக்கவும் மாட்டேன் என்று பிடிவாதம். மாதவிலக்கு நின்ற பிறகு அது தானாகச் சுருங்கி, அவள் தொந்தரவும் குறைந்து போயிற்று. சாயங்காலம் அவளுக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன்.

"அப்ப நமக்கு மூணு பேருக்கும் ஒரே கட்டியா? உனக்கு உள்ள, எனக்குப் பின்னாடி, அவளுக்கு முன்னாடி. வீட்ட சுத்தி வேலி போட்ட மாதிரி இருக்கேக்கா!"

"உன் பார்லி தண்ணிய நீயே குடி."

இனி என்ன செய்வது என்றுதான் கேள்வி. மாதவிலக்கு நிற்கும் வரை காத்திருந்தால் இவளுக்கும் சுருங்கலாம். ஆனால் அதற்கு எத்தனை வருஷமோ? அதுவரை பாலம் நகர்ந்து கொடுக்குமா? அறுத்து எடுக்கலாம் என்றார்கள். கட்டியை மட்டும் எடுக்கலாம், மறுபடி வேறு கட்டி வளர வாய்ப்புண்டு. கருப்பையோடு எடுத்தால் திரும்ப வராது. நான் கருப்பையை எடு என்றேன். எனக்கு எடுத்தார்கள், நான் என்ன குறைந்துபோனேன்? மகள் கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்றாள். அவள் உடம்பு, அவள் சொன்னபடிதான் ஆகட்டும் என்றாள் டாக்டர். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் வாயை மூடிக்கொண்டேன்.

அறுவைக்கு முன்னால் சில மாசம், மாசத்துக்கு ஒரு ஊசி. கட்டியைச் சுருக்குகிற ஊசி. அதைப் போட்டால் மாதவிலக்கு நின்றுபோகும், உடம்பு திடீர் திடீரென்று அனல் அடிக்கும். "இப்பத்தான் உண்மையான சூடு" என்று விசிறிக்கொண்டே சொல்வாள். தண்ணீரை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நிறுத்தினால் மூத்திரம் மஞ்சளாகக் கெட்டியாகிப் பையை இன்னும் எரிச்சல்படுத்துமாம். கடுந் தேத்தண்ணியும் கோப்பியும்தான் குறைய வேண்டும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் குடிக்க வேண்டும். போனதும் எழுந்துவிடாமல், முன்னால் குனிந்து இன்னும் கொஞ்சம் போகப் பார்க்க வேண்டும்.

ஊசி போட்ட இரண்டாம் மாசம் காலையில் ஒரு மாற்றம். சப்பாத்து மாட்டினாள், கேட்டைத் திறந்தாள், பஸ் ஹாரன் அடித்தது. நான் குளியலறைக் கதவுச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. ஓடிப்போய் ஜன்னலில் பார்த்தால் பஸ் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த ஸ்கேனில் பெரியது கொஞ்சம் குறைந்திருந்தது, முன்பக்கத்துக் கட்டி அதைவிடக் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. அந்தக் கொஞ்சமே போதுமாக இருந்திருக்கிறது பைக்கு. ஊசியை நிறுத்தினால் பழையபடி வளரும், அதனால் அறுவையைத் தள்ளக் கூடாது என்றாள் டாக்டர்.

அவள் கம்பெனியில் போய் நேராகச் சொன்னாள். மறைத்து மறைத்துக் களைத்துப்போயிருந்தாள். சுப்பர்வைசர் முகத்தைத் திருப்பிக்கொண்டானாம். மேலே இருக்கிற சீன மேனேஜர் பெண் மட்டும் அவளைத் தனியே கூப்பிட்டு, "எனக்கும் இருந்தது" என்று சொன்னாளாம். அறுவை முடியும்வரை லைனை இன்னொருத்தி பார்ப்பாள், திரும்பி வந்தால் பார்க்கலாம் என்றாளாம். அந்தப் 'பார்க்கலாம்' எங்களை அத்தனை வாரமும் தின்றது.

அறுவை முடிந்து மறுநாள், ஒன்றுக்குப் போக மாட்டியிருந்த குழாயை எடுத்தார்கள். தானாகப் போனால்தான் வீட்டுக்கு விடுவார்களாம். நான் கக்கூஸ் கதவுக்கு வெளியே நின்றேன்.

"வருதா?"

"அம்மா, சத்தம் போடாதீங்க, வார்டே கேக்குது."

"கேக்கட்டும். வருதா இல்லையா?"

"வருது. நிறைய வருது!" உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பக்கத்துக் கட்டில் சீனத்தி என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கினாள்.

வீட்டில் பல வாரம் கனமான எதையும் தூக்க விடவில்லை. பிறகு அவள் திரும்ப வேலைக்குப் போன முதல் நாள். காலையில் பஸ் போனதிலிருந்து எனக்கு உட்கார முடியவில்லை. வானொலியில் பாலத்தில் டிராபிக் ஜம் என்றான். போன் அடிக்கலாமா, கூடாதா என்று அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தேன். கம்பெனியில் லைன் இருக்கிறதா, போயிற்றா? யாரைக் கேட்பது? தோட்டத்தில் நான் ரப்பர் பால்மரம் வெட்டின காலத்தில்கூட இந்த நடை நடந்ததில்லை.

சாயங்காலம் வந்தாள். சப்பாத்தைக் கழற்றினாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை. நான் கேட்கவில்லை. பையை வாங்கி டப்பாவை எடுத்தேன், பிறகு போத்தலை எடுத்தேன். காலியாக இருந்தது. மூடியைத் திறந்து கவிழ்த்துப் பார்த்தேன், ஒரு சொட்டு விழுந்தது.

"எங்க குடிச்ச?"

"பாலத்துலயே. நடுவுல ரொம்ப நேரம் நின்னுச்சு, தாகமா இருந்துச்சு. மத்தியானம் லைன்ல தாகமாச்சு, தண்ணி இல்ல."

"லைன்லயா? யாரு லைன்ல?"

"என் லைன்லம்மா. வேற யாரு?" என்றாள். உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, "நாளைக்கு ரெண்டு போத்தல் குடுங்க" என்றாள்.